திருத்தாமல் விட்ட பிழைகள்: ஆடிட் முடிவில் அடிக்கடி வரும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் நெருங்கும்போது ஆர்ட்டிக்கிள் பசங்களிடமிருந்தும் புதிதாகத் தகுதி பெற்றவர்களிடமிருந்தும் இதே கேள்விகள்தான் வருகின்றன. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்தான்: ஒரு நூற்பாலை, மார்ச் 31-ல் முடிந்த வருஷம். கணக்குகள் நான் புரிதலுக்காகப் போட்டவை, ஆனால் இந்த வகைப் பிழைகள் எதுவும் கற்பனை இல்லை. எல்லாத் தொகையும் வரிக்கு முந்தையவை.

சார், பிழை கண்டுபிடிச்சா க்ளையன்ட் திருத்திடுவாங்களே, அப்புறம் எதுக்கு இந்தப் பட்டியல்?

திருத்தினால் சிக்கலே இல்லை. பிழைகளை எடை போடுவது பற்றிய ஆடிட் தரநிலையான எஸ்ஏ 450 முதலில் சொல்வதும் அதைத்தான்: சேர்ந்த பிழைகளை உடனுக்குடன் நிர்வாகத்திடம் சொல், திருத்தச் சொல். ஆனால் நடைமுறையில் எல்லாவற்றையும் திருத்த மாட்டார்கள். "சின்னத் தொகை, விடுங்க", "புக்ஸ் மூடியாச்சு", "இது உங்க அபிப்பிராயம், எங்களுக்கு அப்படித் தோணல" என்று மூன்று காரணங்களில் ஒன்று வரும்.

அப்படி விடப்பட்டவை தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதவை போலத்தான் இருக்கும், சேர்த்துப் பார்த்தால் அப்படி இருக்காது. அதற்காகத்தான் பட்டியல். நம் நூற்பாலையில் திருத்தாமல் நின்றவை ஐந்து.

ஒன்று, மார்ச் 31 தேதியில் பில் போட்டு ஏப்ரல் 2-ல் லாரி ஏறிய நூல்: விற்பனை 19 லட்சம் கூடுதல், அதன் அடக்கவிலை 16 லட்சம் ஸ்டாக்கில் இல்லை, ஆக லாபம் 3 லட்சம் கூடுதல். இரண்டு, ஸ்டோர்ஸில் உதிரிபாகங்களின் மதிப்பு 12 லட்சம் கூடுதல். மூன்று, வராக்கடன் ஒதுக்கீடு 9 லட்சம் குறைவு. நான்கு, போனஸ் ஒதுக்கீடு 7 லட்சம் அதிகம், இது மட்டும் லாபத்தைக் குறைத்துக் காட்டுகிறது. ஐந்து, ஒரு வருஷத்துக்குள் கட்டவேண்டிய டெர்ம் லோன் தவணை 55 லட்சம் நீண்டகாலக் கடனில் உட்கார்ந்திருக்கிறது. இதனால் லாபத்தில் ஒரு பைசா மாறாது.

எவ்வளவுக்குக் கீழே இருந்தா பட்டியலிலேயே போட வேண்டாம்?

ஆடிட் தொடங்கும்போது லாபம் 6 கோடி வரும் என்று எதிர்பார்த்து, அதில் 5% எடுத்து 30 லட்சத்தை மெட்டீரியாலிட்டியாக, அதாவது பிழை இதைத் தாண்டினால் கணக்கைப் படிப்பவரின் முடிவு மாறலாம் என்கிற எல்லையாக வைத்திருந்தோம். அதில் 5%, அதாவது ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருப்பதை 'அற்பம்' என்று விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். இந்த 5% சட்டம் இல்லை, பல ஆபீஸ்களில் இருக்கும் பழக்கம்.

இங்கே பலரும் சறுக்குவது ஒரு வார்த்தையில். அற்பம் என்பதற்கும் மெட்டீரியல் இல்லை என்பதற்கும் நிறைய தூரம். அற்பம் என்றால் அதைப் போன்ற பிழைகள் சேர்ந்தாலும் யாருக்கும் எதுவும் மாறாது என்கிற அளவுக்குச் சிறியது, தொகையில் மட்டுமல்ல, தன்மையிலும். "20 லட்சம்தானே, 30-க்குக் கீழே" என்று ஒரு பிழையைப் பட்டியலுக்கே கொண்டுவராமல் விட்ட ஃபைலை நான் ரிவ்யூவில் பார்த்திருக்கிறேன். அற்பமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலே அது அற்பம் இல்லை, எழுதிவிடுங்கள்.

ஸ்டோர்ஸ்ல நாங்க சாம்பிள்ல பார்த்தது வெறும் ஒன்றரை லட்சம் பிழை. அது எப்படி 12 லட்சம் ஆச்சு?

ஸ்டோர்ஸ் மொத்தம் 4 கோடி. அதில் 50 லட்சத்துக்கான உருப்படிகளின் விலையைச் சரிபார்த்தோம், ஒன்றரை லட்சம் கூடுதலாக இருந்தது. 50-க்கு ஒன்றரை என்றால் 400-க்கு 12. நாம் பார்க்காத மூன்றரைக் கோடியும் அதே கம்ப்யூட்டரில், அதே ஆள், அதே பழைய விலையில் போட்டதுதானே, அங்கே மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கும்?

க்ளையன்ட் இங்கே ஒரு வேலை செய்வார்: நாம் காட்டிய ஒன்றரை லட்சத்தை மட்டும் திருத்திவிட்டு "முடிஞ்சுது சார்" என்பார். முடியவில்லை, பத்தரை லட்சம் பாக்கி இருக்கிறது. "அது தற்செயலா நடந்த ஒண்ணு" என்ற வாதமும் வரும். மற்ற உருப்படிகளில் அப்படி இல்லை என்பதற்குத் தனியாகச் சோதித்து உறுதியான ஆதாரம் எடுத்தால்தான் அதை ஒத்துக்கொள்ள முடியும், அது அபூர்வமாகத்தான் நடக்கும்.

அதே சமயம் இந்த 12 லட்சத்தை அப்படியே என்ட்ரி போடு என்று க்ளையன்ட்டிடம் கேட்பதும் சரியில்லை, எந்த உருப்படியில் போடுவார்? முழு ஸ்டோர்ஸையும் அவர்களே ஒரு தடவை விலை சரிபார்க்கச் சொல்வதுதான் வழி. உண்மையான தொகை வந்ததும் நம் கணிப்பை எடுத்துவிட்டு அதை வைக்கலாம்.

வராக்கடன் ஒதுக்கீடு எஸ்டிமேட்தானே? அவங்க ஒண்ணு சொல்றாங்க, நாம ஒண்ணு சொல்றோம். இது பிழையா?

கருத்து வேற்றுமை எல்லாம் பிழை இல்லைதான். நாம் வயது வாரியாக, ஒவ்வொரு பார்ட்டியாகப் பார்த்தபோது 25 முதல் 35 லட்சம் வரை எதுவும் நியாயம் என்று வந்தது. நிர்வாகம் 27 வைத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டோம். அவர்கள் வைத்தது 16. வரம்புக்கு வெளியே இருப்பதால் பிழை, அளவு 25-க்கும் 16-க்கும் உள்ள 9 லட்சம். நடுப்புள்ளியான 30-ஐ எடுத்து 14 என்று எழுதுகிறவர்கள் உண்டு. 25-ம் நியாயமே என்று நாமே சொல்லிவிட்டு 30-ஐக் கேட்க முடியாது.

பட்டியலில் மூன்று வகையையும் பிரித்து எழுதுங்கள்: சந்தேகமே இல்லாத பிழை (31-ம் தேதி பில், போனஸ், தவணை), கருத்தைச் சார்ந்தது (இது), சாம்பிளிலிருந்து கணித்தது (ஸ்டோர்ஸ்). ஏனென்றால் நிர்வாகத்தோடு பேசும் விதம் மூன்றுக்கும் வேறு. முதல் வகையைத் திருத்த மறுத்தால் ஏன் என்று கேட்டே ஆகவேண்டும். கணக்கும் தெரியும், ஆதாரமும் இருக்கிறது, என்ட்ரி போட ஐந்து நிமிஷம்.

கூடுதல் 24, குறைவு 7. கழிச்சா 17. முப்பதுக்குக் கீழே. அவ்வளவுதானே?

கணக்கு சரி, அவசரம் அதிகம்.

கழிப்பதில் முதல் பிரச்சனை: ஒரு பிழை தனியாகவே மெட்டீரியலாக இருந்தால் இன்னொன்றை வைத்து அதை அழிக்க முடியாது. விற்பனை ஒரு கோடி கூடுதல், செலவும் ஒரு கோடி கூடுதல், லாபம் மாறவில்லை என்று விட முடியுமா? விற்பனை எண்ணைப் பார்த்து முடிவெடுப்பவர் ஏமாந்துதான் போவார். ஒரே கணக்குத் தலைப்புக்குள் கூடுதலும் குறைவும் இருந்தால் கழிப்பது பெரும்பாலும் நியாயம். போனஸை வைத்து ஸ்டோர்ஸை மறைப்பது அப்படி இல்லை. அதனால் நான் எப்போதும் இரண்டையும் எழுதுவேன்: கழிக்காமல் 24, கழித்தால் 17. இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் நிம்மதி, வேறு பதில் சொன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இங்கே வேறு பதில்தான் வரப்போகிறது, அடுத்த கேள்வியில் பாருங்கள்.

30 லட்சம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டோமே, அதை ஏன் மறுபடி பார்க்கணும்?

அந்த 30 வந்தது 6 கோடி லாபம் என்ற எதிர்பார்ப்பிலிருந்து. ஆடிட் நடக்கும்போது நூல் விலை இறங்கியது தெரிந்து, ஸ்டாக்கை நிகர விற்பனை மதிப்புக்கு இறக்கச் சொன்னோம், அவர்களும் 1.8 கோடி இறக்கிவிட்டார்கள். லாபம் இப்போது 4.2 கோடி. அதில் 5% என்றால் 21 லட்சம். எஸ்ஏ 450 இதைத் தெளிவாகக் கேட்கிறது: திருத்தாத பிழைகளை எடை போடும் முன், உண்மையான முடிவுகளை வைத்து மெட்டீரியாலிட்டி இன்னும் பொருந்துகிறதா என்று பார்.

இப்போது கழித்த 17, இருபத்தொன்றுக்குக் கீழே. கழிக்காத 24, மேலே. அது மட்டுமில்லை, மெட்டீரியாலிட்டி குறைந்ததால் நாம் செய்த சாம்பிள் அளவே போதுமா என்ற கேள்வியும் பின்னாலேயே வரும். ஏற்கனவே முடித்த டெஸ்ட்டிங்கைத் திரும்பத் திறக்க யாருக்கும் பிடிக்காது, அதனால்தான் பலரும் இந்தப் படியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள். லாபம் ஏறியிருந்தால் மட்டும் மறுபரிசீலனை ஞாபகம் வருவது வேடிக்கை.

17-ம் 21-க்குக் கீழேதானே, பாஸ் ஆகாதா?

4 லட்சம் இடைவெளி இருக்கிறது. அந்த 4 லட்சத்துக்குள்தான் நாம் கண்டுபிடிக்காத எல்லாப் பிழையும் அடங்க வேண்டும். நாம் பார்த்ததோ சாம்பிள். ஸ்டோர்ஸின் 12 லட்சமே ஒரு கணிப்பு, உண்மை 16 ஆகவும் இருக்கலாம். தெரிந்த பிழைகள் எல்லையை நெருங்கும்போது தெரியாதவையும் சேர்ந்தால் தாண்டிவிடும் என்றுதான் கொள்ள வேண்டும். ஒன்று க்ளையன்ட் சிலவற்றைத் திருத்த வேண்டும், அல்லது நாம் இன்னும் வேலை செய்ய வேண்டும்.

போன வருஷமே ஸ்டோர்ஸ்ல 8 லட்சம் கூடுதலா விட்டிருந்தோம். அதை என்ன செய்யறது?

நல்ல கேள்வி, தலை கொஞ்சம் சுற்றும். போன வருஷக் கடைசி ஸ்டாக் 8 லட்சம் கூடுதல் என்றால் இந்த வருஷத் தொடக்க ஸ்டாக்கும் 8 லட்சம் கூடுதல். இந்த வருஷக் கடைசி ஸ்டாக் 12 கூடுதல். எனவே இந்த வருஷ லாபத்தில் ஏறிய பிழை வித்தியாசமான 4 மட்டுமே, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் முழு 12-ம் நிற்கிறது.

லாபத்தை மட்டும் பார்த்தால் கூடுதல் 3, 4, 9 சேர்ந்து 16, போனஸ் 7 கழித்தால் 9. அழகாகக் குறைந்துவிட்டது. ஆபத்தும் அங்கேதான்: வருஷத்துக்கு 4, 4 என்று சேர்த்துக்கொண்டே போனால் எந்த வருஷ லாபமும் பெரிதாகப் பாதிக்காது, பேலன்ஸ் ஷீட்டில் மட்டும் மலை வளரும். பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்தால் எதிர்ப்பக்கச் சிக்கல்: பல வருஷமாகச் சேர்ந்ததை ஒரே வருஷத்தில் திருத்தி அந்த வருஷ லாபத்தைச் சிதைப்போம். அமெரிக்காவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசி 2006-ல் இரண்டு வழியிலும் கணக்கிட்டுப் பார், எதில் மெட்டீரியல் ஆனாலும் மெட்டீரியல்தான் என்று சொல்லிவிட்டது. நம் எஸ்ஏ 450 ஒரே வழியைத் திணிக்கவில்லை, முந்தைய வருஷப் பிழைகளின் பாதிப்பையும் எண்ணிப் பார் என்கிறது. நான் இரண்டையும் போட்டுவிடுவேன், பட்டியலில் கூடுதலாக ஒரு நெடுவரிசை, அவ்வளவுதான்.

தவணை வெறும் இடமாற்றம்தானே, லாபம் மாறலையே. அதை ஏன் பெரிசா எடுக்கறீங்க?

பல நேரம் பெரிதாக எடுக்க வேண்டாம்தான். வகைப்பாட்டுப் பிழை 21-ஐத் தாண்டியிருந்தாலும் அதைப் படிப்பவர் முடிவை மாற்றாது என்றால் விடலாம். இங்கே படிப்பவர் யார்? வங்கி. கடன் ஒப்பந்தத்தில் நடப்பு விகிதம் 1.33-க்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது.

க்ளையன்ட் கணக்கில் நடப்புச் சொத்து 16.20 கோடி, நடப்புக் கடன் 12 கோடி, விகிதம் 1.35. அதாவது ஒரு நூலிழையில் பாஸ். 55 லட்சத்தை அதன் சரியான இடத்தில் வைத்தால் கடன் 12.55 கோடி, விகிதம் 1.29. மற்ற பிழைகளையும் சேர்த்தால் சொத்தில் 24 லட்சம் குறையும், போனஸ் 7 லட்சம் கடனிலிருந்து குறையும்: 15.96-ஐ 12.48-ஆல் வகுத்தால் 1.28. ஒப்பந்தம் மீறப்படுகிறது, வங்கிக்குக் கடனைத் திருப்பிக் கேட்கும் உரிமை வரக்கூடும். லாபத்தில் பைசா மாறாத இந்தப் பிழைதான் பட்டியலிலேயே பெரியது.

பட்டியலை முடித்ததும் எப்போதும் கேட்க வேண்டியது: இந்த எண்ணை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள், எந்தக் கோட்டை ஒட்டி அது நிற்கிறது? நஷ்டம் லாபமாக மாறுகிறதா, எம்டியின் கமிஷன் இந்த லாபத்தில் தொங்குகிறதா, ஒப்பந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறதா? 1999 ஆகஸ்டில் எஸ்இசி வெளியிட்ட எஸ்ஏபி 99 என்ற வழிகாட்டுக் குறிப்பு இதைத்தான் வலியுறுத்தியது: 5% என்பது தொடங்கும் இடம், அதை மட்டும் வைத்து முடிவு சொல்லாதே. அது அமெரிக்க வழிகாட்டுதல், நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நம் எஸ்ஏ 450-ம் தொகையோடு தன்மையையும் பார்க்கத்தான் சொல்கிறது.

அந்த 31-ம் தேதி பில், தெரிஞ்சே போட்டதா இருந்தா?

அப்படியானால் 3 லட்சம் என்பது பேச்சே இல்லை. யார் போடச் சொன்னது, ஏன், வேறு எங்கே இப்படி நடந்தது என்று ஆடிட்டே வேறு பாதையில் போகும். மோசடி பற்றிய எஸ்ஏ 240 வந்துவிடும், நிர்வாகம் தந்த மற்ற விளக்கங்களையும் இனி எவ்வளவு நம்பலாம் என்று திரும்பப் பார்க்க வேண்டும். இண்ட் ஏஎஸ் என்ற கணக்குத் தரநிலைகளைப் பின்பற்றும் கம்பெனிகளுக்கு இண்ட் ஏஎஸ் 8 இன்னும் கறாராக இருக்கிறது: ஒரு குறிப்பிட்ட தோற்றம் காட்ட வேண்டும் என்று வேண்டுமென்றே செய்த பிழை மெட்டீரியலாக இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு தரநிலைகளின்படி தயாரித்தது ஆகாது.

திசையையும் பாருங்கள். லாபத்தைத் தொடும் நான்கு பிழைகளில் மூன்று லாபத்தை ஏற்றுகின்றன. தெரியாமல் நடக்கும் தவறுகள் இரு பக்கமும் விழும், ஒரே பக்கமாகச் சாய்ந்தால் ஒரு சாய்வு இருக்கிறதா என்று கேட்கத்தான் வேண்டும். நான்கை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது, சரிதான், ஆனால் வராக்கடன் ஒதுக்கீடு போன வருஷமும் வரம்புக்குக் கீழேயே இருந்ததா என்று பார்க்கலாமே.

"அடுத்த வருஷம் கண்டிப்பா திருத்திடறோம்"னு எழுதிக் கொடுக்கறாங்க. வாங்கிக்கலாமா?

வாங்கி ஃபைலில் வைக்கலாம், இந்த வருஷக் கணக்குக்கு அது எதுவும் செய்யாது. இதற்குப் பாடமாக ஒரு கதையே இருக்கிறது. அமெரிக்காவின் குப்பை அகற்றும் கம்பெனியான வேஸ்ட் மேனேஜ்மென்ட்டின் 1993 ஆடிட்டில் அதன் ஆடிட் நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சன் மொத்தம் 12.8 கோடி டாலர் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். பதிவு செய்திருந்தால் சிறப்பு இனங்களுக்கு முந்தைய நிகர லாபம் 12% குறைந்திருக்கும். பதிவு செய்ய வைக்கவில்லை, மாறாக அவற்றைப் பத்து வருஷம் வரை கொஞ்சம் கொஞ்சமாக எழுதித் தீர்க்கலாம் என்று நிர்வாகத்தோடு ஒரு எழுத்து ஒப்பந்தம் போட்டார்கள், சுத்தமான ரிப்போர்ட்டும் கொடுத்தார்கள்.

கம்பெனி சொன்னபடி நடக்கவில்லை, 1998-ல் பல வருஷக் கணக்குகளை 100 கோடி டாலருக்கும் மேல் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. 2001-ல் ஆண்டர்சன் 70 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. கவனியுங்கள்: பிழை தெரியாமல் போகவில்லை, பட்டியல் கையில் இருந்தது.

ரெப்ரசென்டேஷன் லெட்டர்ல "இதெல்லாம் மெட்டீரியல் இல்லை"னு எம்டி கையெழுத்துப் போட்டுட்டா நமக்குப் பொறுப்பு இல்லைதானே?

இல்லை, அப்படி இல்லை. கடிதம் கட்டாயம் வாங்க வேண்டும், பட்டியலை அதோடு இணைக்க வேண்டும், ஆனால் அது அவர்கள் நம்புவதைச் சொல்கிறது. மெட்டீரியலா இல்லையா என்ற முடிவு நம்முடையதுதான். ஏதாவது ஒன்றைப் பிழை என்றே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் (வராக்கடனில் அடிக்கடி இப்படி) காரணத்தோடு அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிக்கொள்ளலாம். பட்டியலை இணைக்காமல் "திருத்தாத பிழைகள் எதுவும் பெரிதில்லை" என்று ஒரு வரி மட்டும் வாங்கிய கடிதங்களைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். எந்தப் பிழைகள் என்று தெரியாமல் போட்ட கையெழுத்து அது. எம்டியோடு நிறுத்தாமல் இதே பட்டியலைப் போர்டுக்கும் எழுதிச் சொல்லி, திருத்தச் சொல்லிக் கேட்கவும் வேண்டும்.

கடைசி வரைக்கும் திருத்த மாட்டேன்னா?

மெட்டீரியல் என்று முடிவானால், ரிப்போர்ட்டில் நம் கருத்தை மாற்றி எழுதுவது பற்றிய எஸ்ஏ 705-தான். பாதிப்பு குறிப்பிட்ட சில இடங்களோடு நின்றால் குவாலிஃபைடு, கணக்கு முழுவதையும் அரித்திருந்தால் அட்வர்ஸ். 'இந்தப் பிழை தவிர' என்று ரிப்போர்ட்டில் வரி வரும் என்று தெரிந்ததும் ஐந்து நிமிஷ என்ட்ரிக்கு நேரம் கிடைத்துவிடுவதுதான் என் அனுபவம்.

நம் நூற்பாலை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். தவணையை நடப்புக் கடனுக்கு மாற்றினார்கள், விகிதம் குறைந்ததை வங்கிக்கும் தெரிவித்தார்கள். 31-ம் தேதி பில்களை ரத்து செய்தார்கள், அவசரத்தில் நடந்ததுதான், வேறு எந்த மாதத்திலும் இல்லை என்பதைச் சோதித்துப் பார்த்தோம். ஸ்டோர்ஸை முழுவதும் விலை சரிபார்த்ததில் உண்மைக் கூடுதல் 8 லட்சம் என்று வந்தது, அதையும் பதிவு செய்தார்கள். எம்டி வராக்கடனில் மட்டும் இறங்கி வரவில்லை, போனஸையும் அப்படியே விட்டார்கள். மீதி நின்றது கூடுதல் 9, குறைவு 7. இரண்டையும் காரணத்தோடு கடிதத்தில் இணைத்து, மெட்டீரியாலிட்டியை 21-க்கு இறக்கியதையும் ஏன் இந்த 9 தனியாகவும் சேர்த்தும் பெரிதில்லை என்பதையும் அரைப்பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டோம். அடுத்த வருஷ ஃபைலின் முதல் தாளில் அந்த 9-ம் 7-ம் ஏற்கனவே ஏறியிருக்கின்றன.